உறவினர்களுக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி:

எனக்கு 31 வயது, என் கணவருக்கு 35. திருமணமாகி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இரண்டரை ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயன்று வருகிறோம். எனக்குச் செய்த பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருக்கின்றன. அவருடைய விந்துப் பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லி லிட்டருக்கு 60 லட்சம் என்றும், முன்னோக்கி நகர்பவை 18 சதவீதம் என்றும் வந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், "இதை யாரிடமும் சொல்லாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வேலை முடிந்து தாமதமாக வருகிறார். மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மாமியாரும் அவருடைய அத்தையும் என்னைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு குடும்ப விசேஷத்தில் அத்தை எல்லோர் முன்னிலையிலும், "உனக்கு என்ன குறை? நல்ல டாக்டராகப் பார்க்க வேண்டியதுதானே?" என்றார். கணவரின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து, "எனக்குத்தான் கொஞ்சம் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. இப்போது மாமியார் வாரம்தோறும் போன் செய்து எனக்கு வைத்தியம் சொல்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் எங்கள் உறவு தாங்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பரிசோதனை முடிவை அவருடைய சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். அதே நேரம், "எனக்குத்தான் பிரச்சினை" என்ற வாக்கியத்தை இனி ஒரு முறைகூடச் சொல்லாதீர்கள். இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக உங்களுக்குத் தோன்றுவதால்தான் மூச்சுத் திணறுகிறது. உண்மையில் இவை மோதவில்லை. ஒரு செய்தியை வெளியே சொல்லாமல் இருப்பது உங்கள் இருவருக்கும் உள்ள உரிமை. அந்தச் செய்தியை மறைப்பதற்காக ஒருவர் தலையில் பழியை ஏற்றுவது வேறு காரியம். அதற்கு நீங்கள் இருவருமே ஒருபோதும் கூடிப் பேசிச் சம்மதிக்கவில்லை. ஒரு கூட்டத்தில், ஒரு நொடியில், உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. அதைத் திருத்த முடியும், அவரைக் காட்டிக்கொடுக்காமலே திருத்த முடியும்.

ஆனால் உறவினர்களிடம் போவதற்கு முன் அந்தப் பரிசோதனைத் தாளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவருடைய மௌனம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அவர் அதைத் தவறாகப் படித்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு வழிகாட்டி, ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பதைக் கீழ் எல்லையாகச் சொல்கிறது. முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கணவரின் எண்கள் இரண்டும் இவற்றுக்குக் கீழே இருப்பது உண்மை. ஆனால் அந்த எல்லை எப்படி வகுக்கப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓராண்டுக்குள் இயற்கையாகக் கருத்தரித்த பெண்களின் கணவர்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எந்த அளவுக்குக் கீழே இருந்தார்களோ அதையே எல்லையாக வைத்தார்கள். அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே போகப் போக வாய்ப்பு குறைகிறது, காலம் நீள்கிறது. குழந்தையே பிறக்காது என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

இன்னொன்று. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. அது முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாட்கள். எனவே இன்று எடுக்கும் மாதிரி, ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்பு உடல் இருந்த நிலையைக் காட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்துபோன கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையை இறக்கியிருக்கலாம். மாதிரி கொடுப்பதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டிருந்தாரா, மாதிரியில் ஒரு பகுதி தவறிப்போனதா என்பதும் முக்கியம். அவசர அவசரமாக, கூச்சத்தோடு, முன்பின் தெரியாத ஓர் அறையில் மாதிரி கொடுக்கும் ஆண்கள் அது தவறிப்போனதைச் சொல்லாமல் விட்டுவிடுவது நான் அடிக்கடி கேட்கும் செய்தி.

மறுபடி பரிசோதித்தும் இதேபோல் வந்தால், அவரை ஓர் ஆண் இனப்பெருக்க மருத்துவரோ சிறுநீரகவியல் மருத்துவரோ நேரில் உடலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப்போய்விடும் தம்பதிகள் ஏராளம். தாளைப் பார்த்துவிட்டு நேராக மனைவிக்குச் சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள். விதைப்பையில் இரத்த நாளங்கள் வீங்கியிருக்கும் வெரிகோசில் என்ற நிலையை மருத்துவர் கையால் தொட்டே பெரும்பாலும் கண்டுகொள்வார். அதற்குச் சிகிச்சை உண்டு. ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை சொல்லும். உடல் வலுவுக்காக அவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ பயன்படுத்துகிறாரா என்றும் கேளுங்கள். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்து அதை எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வரும்போது, மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளை நின்றுபோகிறது. விந்தணு உற்பத்தி சுருங்குகிறது, சிலருக்கு முற்றிலும் நின்றும் போகிறது.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம், உங்கள் கணவர் ஒரு தாளைத் தன் ஆண்மையைப் பற்றிய சான்றிதழாகப் படித்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். விந்தணு எண்ணிக்கைக்கும் தாம்பத்தியத்தில் ஒரு ஆணின் திறனுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாரும் இவற்றைப் பிரித்துப் பேசுவதில்லை. அவரும் அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், முழுமையாகவோ பகுதியாகவோ, ஆண் தரப்பில் ஒரு காரணம் இருக்கிறது. இவ்வளவு பொதுவான ஒன்றை இவ்வளவு தனிமையாகச் சுமப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த விசேஷத்தில் அவர் வாயைத் திறக்காமல் நின்றது உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு சிறு வாக்கியத்திலேயே தெரிகிறது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அது தவறுதான். ஆனால் உங்கள் மீது அக்கறையில்லாததால் அவர் அப்படி நின்றார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவமானத்தில் உறைந்துபோகும் மனிதர் பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்ற முடியாதவராகிவிடுகிறார். அதற்குப் பிறகு, காப்பாற்றவில்லை என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. தாமதமாக வீடு திரும்புவதும் பேச்சை மாற்றுவதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் உங்கள் முகத்தில் தன் தோல்வியைப் பார்க்கிறார். நீங்கள் பேசப் பேச அவர் விலகுகிறார். அவர் விலக விலக நீங்கள் இன்னும் வற்புறுத்துகிறீர்கள். இந்தச் சுழற்சியை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அதை உடைக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. குழந்தை, சிகிச்சை, உறவினர் என்ற இந்த விஷயத்தைப் பேசுவதற்கு ஒரு நேரத்தையும் ஓர் எல்லையையும் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பேசி முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். வாயை மூடிக்கொள்ளும் கணவர்கள் பலர் பேச்சைக் கண்டு பயப்படுவதைவிட, அந்தப் பேச்சு எப்போது முடியும் என்று தெரியாததைக் கண்டே பயப்படுகிறார்கள். இருபது நிமிடம் என்றால் அவர்களால் உட்கார முடிகிறது. மற்ற நாட்களில் இந்தப் பேச்சு உங்களுக்குள் எழுந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். படுக்கையறையில் இதைப் பேச வேண்டாம். கருமுட்டை வெளியாகும் நாளைப் பார்த்துச் சேரும் கட்டாயம் ஏற்கெனவே அந்த அறையைக் களைப்பாக்கியிருக்கும். நேருக்கு நேர் உட்காருவதைவிட, பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது சிலருக்கு எளிது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே வார்த்தைகள் வரும்.

முதல் பேச்சை எப்படித் தொடங்குவது? "நீங்கள் ஏன் அன்று பேசவில்லை?" என்று தொடங்கினால் அது விசாரணையாகிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித் தொடங்குவேன்: "அன்று நான் உங்களைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன். அதை உங்களைக் கேட்காமல் சொன்னேன். இப்போது அதைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியவில்லை. உங்கள் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் இனி என் மீது பழி போட்டுக்கொள்ளவும் மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்லலாம் என்று நாம் சேர்ந்து முடிவு செய்வோம்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், எழுந்து போகவும் கூடும். எழுந்து போனால் துரத்த வேண்டாம். அடுத்த முறை அதே இடத்திலிருந்து தொடருங்கள்.

இனி உறவினர்களிடம் என்ன செய்வது என்று பார்ப்போம். நான் எல்லாத் தம்பதிகளிடமும் வலியுறுத்தும் ஒரு விதி இருக்கிறது: யாருடைய இரத்த உறவோ அவரே பதில் சொல்ல வேண்டும். உங்கள் மாமியாருக்கும் அத்தைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். உங்கள் பெற்றோருக்கு நீங்கள். மகன் சொன்னால் ஒரு தாய் வருந்துவார், கோபப்படுவார், ஆனாலும் மகனை இழக்க மாட்டார். அதே வாக்கியத்தை மருமகள் சொன்னால் அது துடுக்குத்தனமாக மாறி, பத்து ஆண்டுகளுக்கு நினைவில் நிற்கும்.

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்பதற்கு, உங்களைப் போன்ற நிலையில் என்னிடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அவர்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அங்கேயும் காரணம் கணவரிடம் இருந்தது, கேள்வி மனைவியிடம் வந்தது. கணவர் ஒருவழியாகத் தன் தாயிடம் பேசச் சம்மதித்தார். முதல் முறை அவர் சொன்னது: "சிகிச்சை நடக்கிறது அம்மா, அடுத்த மாதம் தெரிந்துவிடும்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த மாதம் கருமுட்டை சரியாக வளராததால் மருத்துவர் சிகிச்சையை நடுவிலேயே நிறுத்திவிட்டார். சொன்ன கெடு வந்தபோது தாய் போன் செய்தார், மருமகளுக்கு. அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதியில் கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாம் முறை, "அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் அம்மா" என்றார். தாய்க்கு அது, 'மருமகள் புகார் சொல்லி மகனை அனுப்பியிருக்கிறாள்' என்று கேட்டது. இரு பெண்களுக்கும் நடுவில் பேச்சு நின்றுபோயிற்று. மனைவியைப் பாதுகாக்கச் சொன்ன வாக்கியம் அவரையே குற்றவாளியாக்கியது.

மூன்றாம் முறை நாங்கள் மூவரும் உட்கார்ந்து வாக்கியத்தைச் செதுக்கினோம். தன்னைப் பற்றியே அவர் தொடங்க வேண்டும், தேதி இருக்கக் கூடாது, எந்தக் கட்டம் என்ற விவரம் இருக்கக் கூடாது, அடுத்துக் கேள்வி யாரிடம் வர வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கடைசியில் அவர் தாயை நேரில் பார்த்துச் சொன்னது இதுதான்: "அம்மா, குழந்தை விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் டாக்டரைப் பார்க்கிறோம். இதைப் பற்றி அடிக்கடி பேசுவது எனக்குத் தாங்கவில்லை. சொல்ல வேண்டிய செய்தி வந்தால் நானே முதலில் உங்களிடம் சொல்வேன். அதுவரை கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம் கேளுங்கள்."

தாய் கேட்டார்: "யாருக்குப் பிரச்சினை?" அந்தக் கேள்வி வரும் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். "சிகிச்சை இருவருக்கும் சேர்த்துத்தான். யாருக்கு என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை அம்மா, அதைக் கேட்காதீர்கள்." தாய் அழுதார். சில வாரங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மகனிடம் மட்டும், எப்போதாவது ஒரு முறை கேட்டார். அது போதுமானதாக இருந்தது. அந்தத் தாய் இன்றுவரை காரணத்தை அறியமாட்டார். மருமகளைக் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திருத்த வேண்டும். அதை நீங்கள் மறுத்துப் பேசினால், "அப்படியென்றால் என் மகனுக்கா?" என்ற கேள்வி அடுத்த நொடியே வரும். ஆகவே அதைத் திருத்த வேண்டியவரும் உங்கள் கணவர்தான். மேலே சொன்ன வாக்கியங்களோடு இதைச் சேர்த்துக்கொண்டால் போதும்: "அன்று விசேஷத்தில் அவள் பழியைத் தன் மீது போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தும் தடுக்காமல் விட்டேன், அது என் தவறு. அவளுக்கு மட்டும் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தையிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்." இதில் அவருடைய பரிசோதனை முடிவு வெளியே வரவில்லை. உங்கள் தலையில் இருந்த பாரம் இறங்கிவிடுகிறது. அவர் இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லிவிட்டால், உங்கள் இருவருக்கும் இடையில் பல மாதப் பேச்சால் ஆகாதது ஆகிவிடும் என்று நான் நம்புகிறேன்.

அத்தையைப் போல் கூட்டத்தில் கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. "செய்தி இருந்தால் நாங்களே சொல்வோம்" என்று ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், எத்தனை முறை கேட்டாலும் மாற்றாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய பதில் தேடினால் அவர்களுக்குப் புதிய கேள்வி கிடைக்கிறது. சொன்ன கையோடு எழுந்து வேறு இடத்துக்குப் போவதற்கு ஒரு வழியையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்குக் கிளம்பும் முன் உங்கள் இருவருக்குள் ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அதைப் பார்த்தவுடன் அவர் வந்து உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்த வாக்கியத்தை அவரே சொல்ல வேண்டும். போக மனமில்லாத விசேஷத்துக்கு ஒருவர் மட்டும் போய்வருவதிலும் தவறில்லை.

"மனதை லேசாக வைத்துக்கொள், தானாக நடக்கும்" என்று சொல்பவர்கள் தீங்கு நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல், குழந்தை வராததற்கு உங்கள் கவலைதான் காரணம் என்ற இன்னொரு பழியையும் உங்கள் மீது வைக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 14 ஆய்வுகளில் இருந்த 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் மனக்கலக்கம் மிகுந்திருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் அந்தச் சுற்றில் கருத்தரிப்பதில் வேறுபாடு இல்லை என்று அது கண்டது. உங்கள் கண்ணீர் உங்கள் வாய்ப்பைக் குறைத்துவிடவில்லை. அழ வேண்டும் என்று தோன்றினால், பயமில்லாமல் அழுங்கள்.

சிகிச்சை தொடங்கினால் ஒரு விஷயத்துக்கு இப்போதே தயாராக இருங்கள். உங்கள் கணவரின் எண்கள் மாறாமல் இருந்தால், மருத்துவர் இக்சி என்ற முறையைப் பற்றிப் பேசக்கூடும். ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்துவது. 1992இல் அதன் முதல் கருத்தரிப்புகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து, மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள ஆண்களும் தந்தையாக வழி பிறந்தது. ஆனால் காரணம் அவரிடம் இருந்தாலும், ஊசி உங்களுக்குத்தான். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாட்கள் தினமும் ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், பிறகு மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டை எடுப்பது. மருத்துவமனைக்கு நீங்கள் போய்வருவதைப் பார்க்கும் உறவினர் உங்களுக்கே குறை என்று மீண்டும் முடிவு கட்டுவார்கள். அதனால்தான் "இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை" என்ற வாக்கியம் அதற்கு முன்பே குடும்பத்தில் நிலைபெற்றிருக்க வேண்டும் என்கிறேன். முடிந்த ஊசிகளை அவரே போடக் கற்றுக்கொள்ளட்டும். செவிலியர் சொல்லித் தருவார்கள். மருந்து நேரத்தையும் மருத்துவமனையோடு பேசுவதையும் முழுவதுமாக அவரே பொறுப்பேற்கட்டும். உடலால் பங்கெடுக்க முடியாத ஒருவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும்போது, ஓடி ஒளிய வேண்டிய தேவை குறைகிறது.

கரு வைத்த பிறகு முடிவுக்காகக் காத்திருக்கும் பத்துப் பதினான்கு நாட்கள்தான் பலருக்கு மிகக் கடினம். கொடுக்கப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தே மார்பில் வலியையும் களைப்பையும் தரும். அவற்றை வைத்துக் கர்ப்பம் என்றோ இல்லையென்றோ கணக்கிடாதீர்கள். அந்த நாட்களை இருவரைத் தவிர யாரும் அறிய வேண்டாம். முடிவு தெரியும் நாளில் வேலைக்குப் போவதா, செய்தியை யார் போனில் கேட்பது, இல்லை என்று வந்தால் அன்று எங்கே இருப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

உங்களுக்கென்று ஒருவர் வேண்டும் என்பதையும் அவரிடம் கேளுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டபோது, உங்களுக்கு இருந்த எல்லாக் கதவுகளும் மூடிவிட்டன. அவர் சம்மதிக்கும் ஒரே ஒருவர், உங்கள் அக்காவோ, நெருங்கிய தோழியோ, வாயைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தவராக இருக்கட்டும். காரணத்தைச் சொல்லாமல், சிகிச்சையையும் உங்கள் மனநிலையையும் மட்டும் பகிர்வதாகவும் ஒப்புக்கொள்ளலாம். அவருக்கும் அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஆண்கள் பலருக்கு இந்த விஷயத்தைப் பேச மனைவியைத் தவிர வேறு யாருமே இருப்பதில்லை. மனைவியிடமும் பேச முடியாதபோது அவர்கள் முழுவதும் தனித்துவிடுகிறார்கள்.

அவர் எதற்குமே சம்மதிக்கவில்லை என்றால்? நடக்கக் கூடியதுதான். அப்போதும் அவருடைய பரிசோதனை முடிவைச் சொல்லும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. கோபத்தில் ஒரு முறை அது வெளியே வந்தால், பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. உங்களை நம்பிச் சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தியதாகிவிடும். ஆனால் உங்கள் பொய்யை நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இனி அம்மா கேட்டால், 'அவரிடமே கேளுங்கள் அத்தை' என்று மட்டும் சொல்வேன்." அப்படியே சொல்லுங்கள். மாமியார் வாரந்தோறும் போனில் வைத்தியம் சொன்னால், "சரி, டாக்டர் சொல்வதைத்தான் செய்கிறோம்" என்று முடித்துவிட்டு, அவருடைய உடல்நலத்தை விசாரியுங்கள். கேள்விகள் மகன் பக்கம் திரும்பத் தொடங்கியதும் பல கணவர்கள் பேச முன்வருவதைப் பார்த்திருக்கிறேன். இது தண்டனையாக இருக்க வேண்டாம். கோபமில்லாத குரலில், ஒரே மாதிரி செய்தால்தான் பலிக்கும்.

மறுபரிசோதனைக்கு அவர் போகத் தயங்கினால், முதல் பரிசோதனை நடந்து மூன்று மாதம் நிறையும் வாரத்தைக் குறித்துக்கொண்டு, அவர் மட்டும் தனியாக மருத்துவரைச் சந்திக்கச் சொல்லிப் பாருங்கள். மனைவி பக்கத்தில் இல்லாதபோது சில ஆண்கள் மருத்துவரிடம் அதிகம் கேட்கிறார்கள். உங்களுக்கு 31 வயது என்பதால் சில மாதங்கள் காத்திருப்பதால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். பெண்ணின் வயது 35ஐத் தாண்டும்போது கருமுட்டையின் நிலை வேகமாக மாறத் தொடங்குகிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், ஒரு தகவலாக அந்த இருபது நிமிடப் பேச்சில் ஒரு நாள் வையுங்கள்.

உங்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், காலையில் எழுந்திருக்கவே தோன்றாமல் இருந்தால், அவர் குடியில் ஒதுங்கத் தொடங்கினால், அல்லது உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், சிகிச்சையைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்காமல் கவுன்சலிங்குக்கு வரவும் தடையில்லை. கருத்தரிப்பு மையங்கள் பலவற்றில் ஆலோசகர் இருக்கிறார். முதல் முறை கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், வரவேற்பிலேயே கேளுங்கள். இருவரும் வந்தால் நல்லது. அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள்.